கால் சிவந்து, சூடாகி, வீங்கினால்: செல்லுலைட்டிஸை வீட்டில் எப்போது கவனிக்கலாம், மருத்துவமனைக்கு எப்போது போக வேண்டும்?

தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புத் திசுவில் பாக்டீரியா கிருமிகள் புகுந்து பரவுவதைச் செல்லுலைட்டிஸ் என்கிறோம். உடலில் எங்கும் வரலாம் என்றாலும், மூத்தோருக்குப் பெரும்பாலும் ஒரு காலில், முழங்காலுக்குக் கீழே வரும். தொட்டால் மற்றவருக்கு ஒட்டாது. கிருமிக்கொல்லி மருந்து எனப்படும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடும். பலர் மாத்திரையுடன் வீட்டிலேயே குணமடைகிறார்கள். சிலருக்கு மட்டும் ஊசி மருந்து தேவைப்படுகிறது. வெகு சிலருக்குத் தொற்று மிக விரைவாகப் பரவி உயிருக்கே ஆபத்தாகிவிடுகிறது. முதல் இரண்டு நாளில் உங்கள் காலை நீங்கள் எப்படிக் கவனிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே இவற்றில் எது என்பது சரியான நேரத்தில் தெரியவரும்.

ஒரு மாதின் ஒரு வாரம்

தோ பாயோவில் கணவருடன் வசிக்கும் 68 வயது மாது ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அவருக்குப் பத்து ஆண்டுகளாக நீரிழிவு நோய் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரவு திடீரெனக் குளிர் நடுக்கம் வந்தது. போர்வையைப் போர்த்தியும் பற்கள் கிட்டிக்கொண்டன. காலில் அப்போது ஒன்றும் தெரியவில்லை. சளிக்காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்துப் படுத்துவிட்டார். செல்லுலைட்டிஸில் இப்படி நடப்பதுண்டு. நடுக்கமும் காய்ச்சலும் முதலில் வரும், தோலின் மாற்றம் சில மணி நேரம் கழித்தே தெரியும்.

திங்கட்கிழமை காலையில் இடது கெண்டைக்காலின் கீழ்ப்பகுதி கனத்து, வலித்தது. கணவர் பார்த்துவிட்டு, "நரம்பு இழுத்திருக்கும், தைலம் தேய்த்து நீவிவிடுகிறேன்" என்றார். நல்லவேளையாக அந்த மாது கையை வைத்துப் பார்த்தார். இடது கால் வலது காலைவிட நன்றாகச் சூடாக இருந்தது. நீவாமல், நேராகப் பலதுறை மருந்தகத்துக்குப் போனார்.

தொற்று உள்ள இடத்தை நீவினாலும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலும் வலியும் வீக்கமும் கூடும். மஞ்சளோ தைலமோ பூசினால் இன்னொரு சங்கடமும் உண்டு: தோலின் உண்மையான நிறத்தை மருத்துவரால் பார்க்க முடியாமல் போய்விடும்.

கருநிறத் தோலில் சிவப்பைத் தேடாதீர்கள்

செல்லுலைட்டிஸ் என்றால் தோல் சிவக்கும் என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். நம்மில் பலர் மாநிறம் அல்லது கருநிறம் உடையவர்கள். அத்தகைய தோலில் பளிச்சென்ற சிவப்பு தெரியாது. அந்த இடம் சற்றுக் கறுத்தோ, கத்தரிப்பூ நிறமாகவோ, பளபளப்பாகவோ மட்டும் தெரியலாம். அதனால் கண்ணைவிடக் கையை நம்புங்கள். இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்து, புறங்கையால் ஒரே இடத்தை மாற்றி மாற்றித் தொட்டுப் பாருங்கள். ஒரு கால் மட்டும் சூடாக இருக்கிறதா? விரலால் இலேசாக அழுத்தினால் வலிக்கிறதா? தோல் இறுகி, ஆரஞ்சுப்பழத் தோல்போலக் குழி குழியாக இருக்கிறதா? இவை செல்லுலைட்டிஸின் அடையாளங்கள்.

இரண்டு கால்களும் ஒரே நேரத்தில், ஒரே அளவுக்கு நிறம் மாறி அரித்தால் அது பெரும்பாலும் செல்லுலைட்டிஸ் அல்ல. இரத்த நாளங்கள் தளர்ந்து கால் வீங்குபவர்களுக்கு அப்படி வருவதுண்டு. அதற்கு ஆன்டிபயாட்டிக் உதவாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்து, தோலில் சூடோ நிறமாற்றமோ அதிகம் இல்லையென்றால், ஆழத்தில் உள்ள நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதையும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எது எது என்று வீட்டில் நீங்களே முடிவுசெய்ய வேண்டியதில்லை.

மருத்துவர் எந்த மாத்திரையைத் தருகிறார், ஏன்?

காலில் வரும் செல்லுலைட்டிஸுக்குப் பெரும்பாலும் இரண்டு கிருமிகள் காரணம்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ். இரண்டையும் கொல்லக்கூடிய மருந்தையே மருத்துவர் தேர்ந்தெடுப்பார். கிளாக்சசிலின், செஃபலெக்சின் ஆகியவை வழக்கமாகத் தரப்படுபவை. சிலருக்கு அமோக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை தரப்படும். பல்வலிக்கோ தொண்டைவலிக்கோ முன்பு வாங்கிய வெறும் அமோக்ஸிசிலின் வீட்டில் மீதம் இருந்தால் அதைச் சாப்பிடாதீர்கள். பெரும்பாலான ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகளிடம் அது பலிக்காது.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று உங்கள் மருத்துவப் பதிவில் இருந்தால், முன்பு என்ன நடந்தது என்பதை விவரமாகச் சொல்லுங்கள். வயிறு கலங்கியது வேறு. உடலெங்கும் தடித்ததோ, உதடும் கண்ணும் வீங்கியதோ, மூச்சுத் திணறியதோ வேறு. அமோக்ஸிசிலினும் கிளாக்சசிலினும் பென்சிலின் வகையைச் சேர்ந்தவை. கடுமையான ஒவ்வாமை இருந்தவருக்கு கிளிண்டமைசின் போன்ற வேறு மருந்து தரப்படும். அதை நிறையத் தண்ணீருடன் விழுங்கி, கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கடுமையான வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் உடனே தெரிவிக்க வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருந்தின் அளவு குறைக்கப்படலாம். வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் அதைச் சொல்ல வேண்டும். ஏனெனில் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வார்ஃபரினின் வேலையைக் கூட்டும், சில குறைக்கும். பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது வீட்டிலுள்ள மருந்துகளை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வது நல்லது. பெயர்களை நினைவில் வைத்துச் சொல்வதைவிட அது எளிது.

மீன் வெட்டும்போது முள் குத்தியது, கடலில் காயம் பட்டது போன்றவற்றைக் கட்டாயம் சொல்லுங்கள். கடல்நீரிலும் கடல்மீன்களிலும் உள்ள சில கிருமிகளுக்கு மேலே சொன்ன வழக்கமான மாத்திரைகள் போதாது. அவை சில மணி நேரத்திலேயே மிக மோசமாகப் பரவக்கூடும், குறிப்பாகக் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு.

நம் எடுத்துக்காட்டில் வரும் மாதுக்கு உடல் வெப்பம் 37.9 டிகிரி. இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சரியாக இருந்தன. தெளிவாகப் பேசினார், சாப்பிட முடிந்தது. அதனால் மருத்துவர் செஃபலெக்சின் 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நான்கு முறை என்று எழுதிக் கொடுத்தார்.

அவருக்கு அதில் திருப்தி இல்லை. "ஊசி போட்டால்தானே சீக்கிரம் குணமாகும்?" என்று கேட்டார். நம் மூத்தோர் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் காய்ச்சல் அதிகமில்லாத, உடல்நிலை சீராக உள்ள ஒருவருக்கு மாத்திரையும் ஊசியும் ஒரே அளவுக்குக் குணப்படுத்துகின்றன. வாந்தி எடுப்பவர்களுக்கும், தொற்று இரத்தத்தில் கலந்திருக்கலாம் என்ற நிலையில் உள்ளவர்களுக்கும், மாத்திரையால் குறையாதவர்களுக்கும்தான் ஊசி தேவை.

நான்கு வேளை என்பதைச் சாப்பாட்டு நேரத்தோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். மூன்று வேளை சாப்பிடும் வழக்கத்தில் நான்காவது மாத்திரை மறந்துபோகும். காலை 6, நண்பகல் 12, மாலை 6, இரவு தூங்கப்போகும் முன் என்று வைத்துக்கொள்ளலாம். செஃபலெக்சினை உணவுடனும் சாப்பிடலாம். கிளாக்சசிலின் அப்படியல்ல. அதை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ சாப்பிட்டால்தான் உடலில் நன்கு சேரும்.

நன்றாகக் குறைந்துவந்தால் பெரும்பாலோருக்கு ஐந்து நாள் மருந்து போதும். மெதுவாகக் குறைந்தால் மருத்துவர் நாள்களைக் கூட்டுவார். வலி நின்றுவிட்டது என்று மூன்றாம் நாளே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வலிக்குப் பாரசெட்டமால் போதும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். அவை மூத்தோரின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். ஆழத்தில் தொற்று மோசமாகும்போது அதைக் காட்டிக்கொடுக்கும் வலியையும் காய்ச்சலையும் அவை மறைத்துவிடவும் கூடும்.

பேனாவால் ஒரு கோடு

மருந்தகத்தை விட்டு வருவதற்குமுன் தாதி ஒருவர், நிறம் மாறிய பகுதியின் ஓரம் முழுவதையும் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் நாளும் நேரமும் எழுதினார். யாரும் உங்களுக்குப் போடாவிட்டால் வீட்டுக்கு வந்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். நிறம் சரியாகத் தெரியாத தோலில், சூடும் வலியும் எங்கே முடிகிறதோ அங்கே கோடு போடுங்கள். குளித்தால் அழியும், மீண்டும் அதே இடத்தில் வரைந்துகொள்ளுங்கள். கைபேசியில் காலையும் மாலையும் ஒரு படம் எடுத்து வைத்தால் மருத்துவருக்குக் காட்ட உதவும்.

முதல் நாளில் கோட்டைச் சற்றுத் தாண்டிப் பரவுவதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். மருந்தால் கிருமி சாகும்போதும் தோலின் அழற்சி கொஞ்ச நேரம் தொடரும். ஆகவே முதல் 24 மணி நேரத்தில் ஒரு விரல் அகலம் தாண்டியிருந்தாலும், காய்ச்சல் இறங்கி, வலி குறைந்து, உங்களுக்குத் தெம்பாக இருந்தால் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டுக் கவனிக்கலாம். 48 மணி நேரம் ஆகும்போது பரவுவது நின்றிருக்க வேண்டும். நிற்காவிட்டால் மறுபடியும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கோடு என்ன சொல்கிறது என்பதோடு, உடல் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

காலைத் தூக்கி வைப்பதும் ஒரு மருந்துதான். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் கால் வைத்தால் போதாது. படுத்துக்கொண்டு, இரண்டு தலையணைகளின் மேல் கால் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி வைக்க வேண்டும். வீக்கம் வடிந்தால்தான் வலி குறையும், தோலும் விரைவில் ஆறும். ஆனால் நாள் முழுவதும் அசையாமல் படுத்திருக்க வேண்டாம். கணுக்காலை அடிக்கடி மேலும் கீழும் அசையுங்கள், கழிவறைக்கு நடந்து செல்லுங்கள். காலில் இரத்த ஓட்டம் குறைவு என்றோ இதயம் பலவீனம் என்றோ மருத்துவர் முன்பு சொல்லியிருந்தால், எவ்வளவு உயரம் தூக்கலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை போதாதபோது

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த மாதுக்கு நிறமாற்றம் கோட்டை ஒரு விரல் அகலம் தாண்டியிருந்தது. காய்ச்சல் இல்லை, வலியும் சற்றுக் குறைவு. மருந்தகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார், தொடர்ந்து சாப்பிடச் சொன்னார்கள். அன்று இரவிலிருந்து வயிறு புரட்டியது. இரண்டு முறை மாத்திரை விழுங்கிய சிறிது நேரத்திலேயே வாந்தி எடுத்துவிட்டார். புதன்கிழமை காலையில் காய்ச்சல் 38.5 டிகிரி. கோட்டுக்கு மேலே நான்கு விரல் அகலம் சூடாக இருந்தது. வழக்கமாக 8க்குக் கீழே இருக்கும் இரத்தச் சர்க்கரை 15க்கு ஏறியிருந்தது. கணவர் அவரை மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். அது சரியான முடிவு. மருந்து வயிற்றில் தங்கவில்லை என்றால், அந்த மருந்தைச் சாப்பிடவில்லை என்றுதான் பொருள்.

நீரிழிவு உள்ளவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிருமித்தொற்று இருக்கும்போது சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை ஏறும். அதே சமயம், வாந்தி எடுத்துச் சாப்பிட முடியாத நாளில் சில நீரிழிவு மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். நீங்களாக முடிவுசெய்யாமல் மருத்துவரையோ தாதியையோ கேளுங்கள்.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் இரத்தப் பரிசோதனை செய்து, கையில் சிறு குழாய் பொருத்தி, செஃபாசோலின் என்ற ஊசி மருந்தின் முதல் வேளையைச் செலுத்தினார்கள். இரத்த அழுத்தம் சீராக இருந்தது, குழப்பம் இல்லை, ஆழமான தொற்றுக்கு அறிகுறி இல்லை. அப்போது மருத்துவர் அவரிடம் கேட்டார்: "வார்டில் தங்குகிறீர்களா, அம்மா, இல்லை வீட்டிலேயே உள்நோயாளியாக இருக்கிறீர்களா?"

சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளில் வீட்டிலேயே உள்நோயாளியாகச் சிகிச்சை பெறும் ஏற்பாடு 2024 ஏப்ரல் முதல் வழக்கமான சேவையாக உள்ளது. செல்லுலைட்டிஸ் போன்ற தோல் தொற்றுகள் இதற்கு ஏற்றவை. நீங்கள் வீட்டில் இருந்தாலும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நோயாளிதான். தாதி வீட்டுக்கு வந்து ஊசி மருந்து செலுத்துவார். மருத்துவர் நேரிலோ காணொளி அழைப்பிலோ பார்ப்பார். இரவில் உடல்நிலை மாறினாலும் அழைக்க ஓர் எண் தரப்படும். வெப்பமானி, இரத்த அழுத்தக் கருவி போன்றவற்றையும் தருவார்கள். கட்டணம் வார்டில் தங்குவதைவிட அதிகமாகாது. மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் இரண்டையும் பயன்படுத்தலாம்.

இது எல்லாருக்கும் பொருந்தாது. தனியாக இருந்து, கழிவறைக்குக்கூட நடக்க முடியாதவருக்கு வார்டுதான் பாதுகாப்பு. தொலைபேசியை எடுத்துப் பேச முடியாதவருக்கும் அப்படியே. இரத்த அழுத்தம் குறைந்தவர்கள், மூச்சு வாங்குபவர்கள், அறுவைச் சிகிச்சை தேவைப்படக்கூடியவர்கள், கண்ணைச் சுற்றித் தொற்று உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும். "பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாம்" என்பதற்காக வீட்டையோ, "வீட்டில் பார்த்தால் அரைகுறையாகத்தான் இருக்கும்" என்பதற்காக வார்டையோ தேர்ந்தெடுக்க வேண்டாம். உங்கள் வீட்டு நிலைமையை மருத்துவரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.

அந்த மாது வீட்டைத் தேர்ந்தெடுத்தார். வெள்ளிக்கிழமை காய்ச்சல் இறங்கியது, வாந்தி நின்றது. சனிக்கிழமை சூடு பழைய கோட்டுக்கு உள்ளே பின்வாங்கியிருந்தது. ஊசி நிறுத்தப்பட்டு மீண்டும் மாத்திரை தொடங்கியது. மெதுவாகக் குறைந்ததால் மொத்தம் பத்து நாள் மருந்து சாப்பிட்டார்.

உடனே 995ஐ அழைக்க வேண்டிய நேரம்

மிகவும் அஞ்ச வேண்டிய ஒன்று, தொற்று தசையைச் சுற்றியுள்ள சவ்வு வரை இறங்கி, சதையை அழுகச் செய்வது. இது அரிது. ஆனால் வந்தால் மணிக்கணக்கில் பரவும், மாத்திரையால் நிற்காது, அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். தொடக்கத்தில் அதைக் காட்டிக்கொடுப்பது வலிதான். மேலே பார்த்தால் சிறிய நிறமாற்றம், ஆனால் தாங்க முடியாத வலி. நிறம் மாறாத இடத்திலும் தொட்டால் வலி. பிறகு தோல் ஊதா நிறமாகவோ கறுப்பாகவோ மாறும், கருநிற நீர் கொண்ட கொப்புளங்கள் எழும். அழுத்தினால் உள்ளே மணல்போல நறநறக்கும். கடைசியில் அந்த இடம் மரத்துப்போய் வலி குறையலாம். அப்போது குணமாகிறது என்று ஏமாந்துவிடாதீர்கள். நரம்புகள் செத்துப்போவதால்தான் வலி தெரிவதில்லை.

இன்னொன்று, கிருமி இரத்தத்தில் கலப்பது. மூத்தோருக்கு அப்போது காய்ச்சல் வராமலே இருக்கலாம், உடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்துகூடப் போகலாம். அதனால் வெப்பமானியை மட்டும் நம்ப வேண்டாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று நாள் கிழமை தெரியாமல் உளறுகிறார், எழுப்பினால் எழாமல் தூங்குகிறார், வேகமாக மூச்சு விடுகிறார், எழுந்து நின்றால் தலை சுற்றி விழப்போகிறார், காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்றால் 995ஐ அழையுங்கள். குழப்பத்தில் இருப்பவருக்குத் தனக்கு என்ன ஆகிறது என்று தெரியாது. இதைக் கவனிக்க வேண்டியவர் உடன் இருப்பவர்தான். ஆகவே இந்தப் பகுதியை வீட்டிலுள்ள இன்னொருவரும் படித்துவைப்பது நல்லது.

காலிலிருந்து தொடையை நோக்கி மேலே ஏறும் கோடுகள் தெரிந்தாலோ, இடுப்பு மடிப்பில் நெறி கட்டினாலோ, தொற்று மேல்நோக்கிப் பரவுகிறது என்று பொருள். உடல்நிலை நன்றாக இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

குணமான பிறகு காலில் தெரிபவை

மருந்து முடிந்த பிறகும் காலில் கறுப்பும் இலேசான வீக்கமும் சில வாரங்கள் இருக்கலாம். தோல் காய்ந்து உரியும். சூடும் வலியும் இல்லாதவரை இது தொற்று திரும்பியதாக ஆகாது, இதற்காக மேலும் ஆன்டிபயாட்டிக் கேட்க வேண்டியதில்லை.

அந்த மாதின் கால் விரல்களை விரித்துப் பார்த்த தாதி, நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் தோல் வெளுத்து, ஊறி, வெடித்திருப்பதைக் கண்டார். பல மாதங்களாக அரித்துக்கொண்டிருந்த சேற்றுப்புண் அது. பூஞ்சையால் வருவது. கிருமி உள்ளே நுழைந்த வாசல் அநேகமாக அதுதான். அதை மூடாவிட்டால் செல்லுலைட்டிஸ் அதே காலில் மீண்டும் வரக்கூடும். பூஞ்சைக்கான களிம்பு கொடுத்தார்கள். அரிப்பு நின்ற பிறகும், சொன்ன நாள்வரை அதைப் பூச வேண்டும். குளித்தபின் விரலிடுக்குகளைத் துவாலையால் ஒற்றி உலர்த்த வேண்டும். ஈரப்பதமூட்டும் களிம்பைக் காலுக்குப் பூசலாம், விரலிடுக்கில் பூசக் கூடாது. குனிந்து பார்க்க முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாதத்தைப் பார்க்கலாம், அல்லது வீட்டில் உள்ளவரைப் பார்க்கச் சொல்லலாம்.

ஒரே ஆண்டில் இரண்டு, மூன்று முறை வந்தவர்களுக்குச் சில மாதங்கள் குறைந்த அளவில் தினமும் பென்சிலின் மாத்திரை கொடுப்பதுண்டு. கால் எப்போதும் வீங்கியே இருப்பவர்களுக்கு அழுத்தக் காலுறை உதவும். ஆனால் தொற்று முழுவதும் ஆறி, காலில் இரத்த ஓட்டம் போதுமானது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே அதை அணியத் தொடங்க வேண்டும்.